ஒட்டும் ஆளை எவ்வளவு பெரிதாக வைப்பது? அடிவானக் கோடு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூரில் கல்யாண ஆல்பமும் குடும்பப் படங்களும் வடிவமைக்கிறேன். என்னிடம் வேலை பழகும் பிள்ளைகளும், பக்கத்து ஸ்டூடியோக்களில் இருப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறேன். எங்களுக்கு அதிகம் வரும் வேலை, இறந்துபோன தாத்தாவையோ அப்பாவையோ குடும்பப் படத்தில் சேர்ப்பது. அதனால் உதாரணங்களும் அதிலிருந்தே வருகின்றன.

அக்கா, அடிவானம், கண்மட்டம்னு ரெண்டு பேர் சொல்றீங்க. ரெண்டும் ஒண்ணா, வேற வேறயா?

படத்தில் இரண்டும் ஒரே கோடுதான். கொத்தனார் டியூபில் தண்ணீர் ஊற்றி மட்டம் பார்ப்பதைக் கவனித்திருப்பீர்கள். ஒரு தூணில் நான்கடி உயரத்தில் குறி போட்டால், வீட்டின் மறுகோடியில் இருக்கும் தூணிலும் அதே உயரத்தில் குறி விழும். உங்கள் கேமரா லென்ஸ் இருக்கும் உயரத்திலிருந்து அப்படி ஒரு மட்டத்தை ஊரெல்லாம் இழுத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். லென்ஸ் உயரத்தில் இருக்கிற எல்லாப் புள்ளிகளும், இரண்டடி தள்ளி இருந்தாலும் இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருந்தாலும், படத்தில் ஒரே கோட்டின் மேல் விழும். அதைத்தான் அடிவானக் கோடு என்கிறோம்.

லென்ஸ் 150 செ.மீ. உயரத்தில் இருந்தால், சமதரையில் நிற்கும் ஒவ்வொருவரையும் அந்தக் கோடு தரையிலிருந்து 150 செ.மீ. உயரத்தில் வெட்டும். அருகில் நிற்பவரையும் அப்படித்தான், தூரத்தில் புள்ளியாகத் தெரிபவரையும் அப்படித்தான். கீழே வரும் பதில்களெல்லாம் இந்த ஒரு விஷயத்திலிருந்துதான் கிளைக்கின்றன.

கண்ணால பாத்தே பெருசு சின்னது தெரியுமே. கோடு எதுக்கு?

தெரியும், ஆனால் ஒட்டும்போது நம் கண் முகத்தைத்தான் பார்க்கிறது, காலைப் பார்ப்பதில்லை. ஆரம்ப நாட்களில் ஒரு கிரகப்பிரவேசப் படத்தில் ஒருவருடைய அப்பாவைச் சேர்த்துக் கொடுத்தேன். முன்னால் நின்ற மகனுடைய முக அளவுக்கே அப்பா முகத்தையும் வைத்தேன். நிற்க இடமில்லாததால் பாதத்தை மட்டும் பின்னால், வாசற்படி அருகே தள்ளி வைத்தேன். படத்தை வாங்கிய அம்மா வெகுநேரம் பார்த்துவிட்டு, "அவர் இவ்ளோ உயரம் இல்லியேம்மா" என்றார். அவருக்கு எந்தக் கோடும் தெரியாது, ஆனால் தவறு தெரிந்துவிட்டது. அன்று இரவே மறுபடி செய்து கொடுத்தேன்.

பாதம் எங்கே விழுகிறதோ, அது ஆளுடைய தூரத்தைச் சொல்லிவிடுகிறது. தூரம் தெரிந்தால் அளவும் தீர்மானமாகிவிடுகிறது. அதற்கு மேல் நாம் தேர்ந்தெடுக்க எதுவும் மிச்சமில்லை.

எங்க ஊர்ல எந்தப் பக்கம் பாத்தாலும் மலை. அடிவானத்தை எங்க தேடறது?

மலை உச்சி அடிவானம் இல்லை. நம் ஊரில் நடக்கும் தவறுகளில் பாதி இதுதான். மலை நம் கண்மட்டத்துக்கு மேலே எழுந்து நிற்கிறது. உண்மையான கோடு அதற்குப் பின்னால் மறைந்து, உச்சியைவிடக் கீழேதான் ஓடும்.

கோட்டைக்குப் போய்ப் பாருங்கள். 16-ஆம் நூற்றாண்டில் கட்டிய கருங்கல் சுவர். ஒரு நீளச் சுவரின் ஓரமாக நின்று, சுவர் உங்களைத் தாண்டித் தூரமாகப் போகிற மாதிரி ஒரு படம் எடுங்கள். கல் வரிசைகளுக்கு இடையே இருக்கும் இணைப்புக் கோடுகளைக் கவனியுங்கள். தலைக்கு மேலே இருக்கும் வரிசைகள் தூரம் போகப்போகக் கீழே இறங்கும். இடுப்பளவில் இருப்பவை மேலே ஏறும். நடுவில் ஒரு வரிசை மட்டும் ஏறாமல் இறங்காமல் படுத்துக் கிடக்கும். அதுதான் உங்கள் லென்ஸ் உயரத்தில் இருக்கும் கல், அந்த வரிசையை அப்படியே படத்தின் குறுக்கே நீட்டினால் அடிவானக் கோடு.

படுத்த வரிசை தெளிவாகக் கிடைக்காவிட்டால், மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு என்று இரண்டு வரிசைகளின் மேல் கோடு போட்டு, இரண்டும் சந்திக்கும் வரை நீட்டுங்கள். சந்திக்கும் புள்ளி அடிவானத்தின் மேல்தான் இருக்கும். காட்பாடி ஸ்டேஷனில் பிளாட்பார விளிம்பும் கூரை விளிம்பும், மண்டபத்தில் தரை டைல்ஸ் கோடுகள், வீட்டில் ஜன்னல் மேல்விளிம்பும் கீழ்விளிம்பும் என எதுவும் உதவும். அவை நிஜத்தில் ஒன்றுக்கொன்று இணையாகவும் மட்டமாகவும் இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் சுவருக்கு நேர் எதிரே நின்று எடுத்த படத்தில் எல்லா வரிசையும் படுத்தே இருக்கும், அந்தப் படத்தின் சுவரில் எதையும் கண்டுபிடிக்க முடியாது.

சுவரும் இல்ல, டைல்ஸும் இல்ல. பாலாத்து மணல்ல எடுத்த படம். அப்போ?

அது சுலபமான படம். தண்ணீரில்லாத பாலாறு கிட்டத்தட்ட சமதரை. நீங்களும் மணலில் நின்று எடுத்திருந்தால், எதிர்க்கரையோடு மணல் முடியும் இடம் அடிவானத்துக்கு மிக நெருக்கமாக இருக்கும். கரை அரை கிலோமீட்டர் தள்ளி இருந்தால், 4000 பிக்சல் உயரமுள்ள சாதாரணப் படத்தில் மணல் முடியும் இடத்துக்கும் உண்மையான கோட்டுக்கும் பத்துப் பதினைந்து பிக்சல்தான் வித்தியாசம் வரும். மணல் முடியும் இடத்தைவிடத் துளி மேலே கோட்டைப் போட்டுவிடுங்கள். கரையில் நிற்கும் பனைமரத்தின் உச்சியில் போடாதீர்கள்.

மணலில் அங்கங்கே ஆட்கள் நின்றால் அவர்களை வைத்தும் சரிபார்க்கலாம். நின்றுகொண்டு எடுத்த படமென்றால், ஏறக்குறைய ஒரே உயரமுள்ளவர்களின் தலைகள் அருகிலும் தூரத்திலும் ஒரே வரிசையில் நிற்கும், பாதங்கள் மட்டும் மேலும் கீழுமாக இருக்கும்.

கோடு போட்டாச்சு. இப்ப எத்தனை பிக்சல்னு எப்படிக் கணக்குப் போடறது?

ஒரு படத்தை முழுசாகப் பார்ப்போம். கோட்டைக்குள் புல்வெளியில் எடுத்த குடும்பப் படம், உயரம் 4000 பிக்சல். மேலிருந்து எண்ணினால் அடிவானம் 1800-இல் இருக்கிறது. பேத்தி முன்னால் நிற்கிறாள், நிஜ உயரம் 160 செ.மீ. அவள் பாதம் 3300-இல், உச்சந்தலை 1700-இல். ஆக அவள் 1600 பிக்சல் உயரம். அடிவானத்திலிருந்து பாதம் வரை 1500 பிக்சல். 1600 பிக்சல் என்பது 160 செ.மீ. என்றால், 1500 பிக்சல் 150 செ.மீ. லென்ஸ் 150 செ.மீ. உயரத்தில் இருந்திருக்கிறது. இந்த எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், படம் முழுக்க இது மாறாது.

தாத்தாவின் உயரம் 168 செ.மீ. அவரைக் கொஞ்சம் பின்னால், பாதம் 2800-இல் விழும்படி நிறுத்த வேண்டும். அங்கே அடிவானத்திலிருந்து பாதம் வரை 1000 பிக்சல், அதுதான் அந்த இடத்தில் 150 செ.மீ.

```
1000 × 168 ÷ 150 = 1120
```

தாத்தா 1120 பிக்சல் உயரம் இருக்க வேண்டும். உச்சந்தலை 1680-இல் வரும், அடிவானத்துக்குச் சற்று மேலே. நான் அந்தக் கிரகப்பிரவேசப் படத்தில் செய்ததுபோல, பேத்தி நிற்கும் இடத்தின் அளவையே எடுத்து 1680 பிக்சலாக வைத்திருந்தால், அதே கணக்கின்படி தாத்தா 252 செ.மீ. ஆகிவிடுவார். எட்டடிக்கும் மேல்.

மலை உச்சியைக் கோடாக எடுத்தால் என்ன ஆகும் என்பதையும் இதே படத்தில் பார்த்துவிடலாம். 1800-க்குப் பதில் 1500-இல் போட்டால், லென்ஸ் உயரம் 180 என்று வரும், தாத்தா 1213 பிக்சல் ஆவார். அந்த இடத்தில் அது 182 செ.மீ. பதினான்கு சென்டிமீட்டர் கூடிவிட்டது. பார்ப்பவர்களுக்கு ஏன் என்று சொல்லத் தெரியாது, ஆனால் குடும்பத்தினர் கண்டுபிடித்துவிடுவார்கள்.

இதை போட்டோஷாப்ல எப்படிச் செய்யறது?

`Ctrl+R` அழுத்தி ரூலரைக் கொண்டுவந்து, அதன் மேல் ரைட் கிளிக் செய்து `Pixels` தேர்ந்தெடுங்கள். மேல் ரூலரிலிருந்து ஒரு கைடை இழுத்து அடிவானத்தில் விடுங்கள், இன்னொன்றைப் பாதம் வரும் இடத்தில் விடுங்கள். தாத்தாவின் பழைய படத்தில் உச்சந்தலை முதல் பாதம் வரை அளந்துகொள்ளுங்கள். அங்கே 2240 பிக்சல் இருந்தால், நமக்கு வேண்டியது 1120, ஆக சரியாக 50 சதவீதம். `Ctrl+T` அழுத்தி, அகலம் உயரம் இரண்டும் சேர்ந்து மாறும்படி வைத்து 50 என்று டைப் செய்யுங்கள்.

மூலையைப் பிடித்து இழுத்துக் கண்ணளவில் நிறுத்த வேண்டாம். `Ctrl+T` காட்டும் பெட்டியையும் ஆளின் உயரமாக நம்ப வேண்டாம். லேயரில் மாஸ்க் போட்டு மறைத்த பகுதியும் அந்தப் பெட்டிக்குள் இருக்கும், ஆளை மட்டும் தனியாக அளப்பதுதான் சரி. கணக்கில் 100 சதவீதத்துக்கு மேல் வந்தால் ஆள் மங்கலாகத் தெரிவார், அப்போது அவரைக் கொஞ்சம் பின்னால் நிறுத்த இடம் இருக்கிறதா என்று பாருங்கள்.

படத்துல இருக்கற யாரோட உயரமும் தெரியாது. அப்ப?

உயரம் தெரிந்த பொருளைத் தேடுங்கள். வாசல் கதவு பெரும்பாலும் ஏழடி. ஆட்டோ ஏறக்குறைய 1.7 மீட்டர் உயரம். பிளாஸ்டிக் நாற்காலியின் உட்காரும் பலகை தரையிலிருந்து ஒன்றரை அடிக்குச் சற்றுக் குறைவு. பொருள் தரையைத் தொடும் புள்ளி தெரிய வேண்டும் என்பதுதான் நிபந்தனை. இரண்டு பொருள்களை அளந்து, இரண்டிலும் லென்ஸ் உயரம் கிட்டத்தட்ட ஒன்றாக வந்தால் நம்பலாம். ஒன்று 150 என்றும் மற்றொன்று 110 என்றும் வந்தால், அடிவானம் தவறு, இல்லையென்றால் தரை சமமில்லை. வீட்டுக்காரரைப் போனில் கேட்பதும் நல்ல வழி. பெரும்பாலானவர்கள் அப்பாவின் உயரத்தை, "என் காதுக்கு வருவார்" என்கிற மாதிரி சரியாகச் சொல்கிறார்கள்.

கணக்கு எல்லாம் சரி. ஆனாலும் ஒட்டின மாதிரியே தெரியுது. ஏன்?

ஒட்டும் ஆளுக்கும் ஒரு அடிவானம் உண்டு. அவரை எடுத்த கேமரா எந்த உயரத்தில் இருந்தது என்பதும் அவர் உருவத்துக்குள்ளேயே பதிந்திருக்கிறது. அளவை மாற்றலாம், அதை மாற்ற முடியாது. நம் கோட்டைப் படத்தில் லென்ஸ் 150-இல் இருந்தது. தாத்தாவின் பழைய படத்தை யாரோ நாற்காலியில் உட்கார்ந்து 90-இல் எடுத்திருந்தால், அவரைக் கீழேயிருந்து பார்த்த தோற்றத்தோடு, மேலேயிருந்து பார்க்கும் தரையின் மேல் வைக்கிறோம்.

இதைக் கண்டுபிடிக்க வேட்டியைப் பாருங்கள். ஆளைச் சுற்றி வரும் ஒவ்வொரு விளிம்பும் ஒரு வளையம்தான்: சட்டைக் காலர், கைமடிப்பு, சட்டையின் கீழ்விளிம்பு, வேட்டிக் கரை. கண்மட்டத்துக்குக் கீழே இருக்கும் வளையம் நடுவில் தொங்கி, கிண்ணம் மாதிரி வளையும். மேலே இருப்பது வில் மாதிரி மேல்நோக்கி வளையும். எந்த வளையம் நேர்கோடாகத் தெரிகிறதோ, கேமரா அந்த உயரத்தில் இருந்திருக்கிறது. கோட்டைச் சுவரில் படுத்துக் கிடந்த கல் வரிசை மாதிரியேதான். சட்டையின் கீழ்விளிம்பு நேராக இருந்து காலர் வில்லாக வளைந்திருந்தால், அது இடுப்பு உயரத்தில் எடுத்த படம். பாதங்களும் சொல்லும். உயரத்திலிருந்து எடுத்தால் பாதத்தின் மேற்பரப்பு விரிந்து தெரியும், தாழ்வாக எடுத்தால் விரல் நுனிகள் மட்டும் வரிசையாகத் தெரியும்.

தூரத்தில், சின்னதாக ஒட்டும் ஆளுக்கு 20 செ.மீ. வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. முன்வரிசையில் ஒட்டினால் தெரியும். தட்டையான மேல்புறம் உள்ள பொருள்கள் துளியும் மன்னிக்காது. குடத்தின் வாய், மேஜை, ஆட்டோவின் கூரை இவற்றையெல்லாம் முதலில் பாருங்கள். மாடியிலிருந்து எடுத்த ஆட்டோவின் கூரை முழுசாகத் தெரியும், தெருவில் நின்று எடுத்த படத்தில் அதை ஒட்டினால் எவ்வளவு கணக்குப் போட்டாலும் உட்காராது. அந்த இடத்தில் வேறு படம் தேடுவதுதான் வழி. ஆளென்றால், பாதமும் வேட்டிக் கரையும் முன்னால் நிற்பவருக்குப் பின்னால் மறையும்படி நிறுத்திவிடுவேன். பொருத்தமில்லாத விளிம்புகளில் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது.

கல்யாண மேடை மேல நிக்கறவங்களுக்கும் இதே கணக்கா?

கணக்கு அதே, லென்ஸ் உயரம் மட்டும் மாறும். நீங்கள் கீழே நின்று 150-இல் எடுக்கிறீர்கள், மேடை 60 செ.மீ. உயரம் என்றால், மேடைப் பரப்பிலிருந்து உங்கள் லென்ஸ் 90 செ.மீ.தான். மேடையில் நிற்பவரை அடிவானம் இடுப்பருகே வெட்டும். பாதத்திலிருந்து கோடு வரை 450 பிக்சல் இருந்தால், 165 செ.மீ. ஆள் 825 பிக்சல் வர வேண்டும். மறந்துபோய் 150-ஆல் வகுத்தால் 495 வரும், மணமக்களுக்குப் பக்கத்தில் சிறுபிள்ளை அளவுக்கு ஒரு மாமா நிற்பார்.

ஏலகிரி ரோடு மாதிரி ஏத்தமா இருந்தா?

அடிவானம் அப்படியே இருக்கும், தரை மட்டும் ஏறிப் போவதால் மேலே சொன்ன வகுத்தல் செல்லாது. நேராக ஏறும் ரோட்டின் இரண்டு விளிம்புகளையும் நீட்டுங்கள், அவை அடிவானத்துக்கு மேலே ஒரு புள்ளியில் சந்திக்கும். ரோட்டில் நிற்கும், உயரம் தெரிந்த ஒருவரின் பாதத்திலிருந்து அந்தப் புள்ளிக்கு ஒரு கோடு, தலையிலிருந்து அதே புள்ளிக்கு இன்னொரு கோடு. அந்த இரண்டு கோடுகளுக்கு இடையில் ரோட்டின் எந்த இடத்தில் நிறுத்தினாலும் அவர் உயரம் அதுதான். ஒட்டும் ஆளின் உயரத்தை அதோடு விகிதம் பார்த்துக்கொள்ளுங்கள். வளைவு வந்துவிட்டால் இது அந்த வளைவு வரைக்கும்தான் செல்லும்.

மாடியில இருந்து கீழ சாய்ச்சு எடுத்த படம். அடிவானம் ஃபிரேம்லயே இல்ல.

கோடு படத்துக்கு வெளியே இருந்தாலும் கணக்கு மாறாது. கேன்வாஸை மேல்பக்கம் பெரிதாக்கி, டைல்ஸ் கோடுகளை அங்கே சந்திக்க விடுங்கள். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. அதிகம் சாய்த்த படத்தில் தூண்கள் நேராக நிற்காமல் கீழ்நோக்கி ஒன்றையொன்று நெருங்கும். ஆட்களும் அப்படியே சாய்ந்திருப்பார்கள், நம் விகிதமும் கொஞ்சம் பிசகும். முதலில் Camera Raw-வில் `Vertical` ஸ்லைடரால் தூண்களை நிமிர்த்திவிட்டு அளந்தால் சரியாக வரும். லேசான சாய்வுக்கு, தலை அடிவானத்துக்குப் பக்கத்தில் இருக்கும் படங்களில், இந்த வேலையே தேவைப்படாது.

ஜூம் பண்ணி எடுத்தா வேற கணக்கா?

இல்லை, விகிதம் அதேதான். ஆனால் போனின் 0.5 லென்ஸில் எடுத்த படத்தின் ஓரங்களில் ஆட்கள் பக்கவாட்டில் இழுபட்டிருப்பார்கள். அங்கே ஒட்டாதீர்கள், நடுவில் ஒட்டுங்கள்.

தாத்தாவோட பாஸ்போர்ட் போட்டோ மட்டும்தான் இருக்கு. பாதமே இல்லாம எப்படி வெக்கறது?

எங்களிடம் வரும் வேலைகளில் பாதி இப்படித்தான். பாதம் படத்தில் இல்லாவிட்டாலும், அவர் எங்கே நிற்கிறார் என்று நீங்கள் முடிவு செய்தாக வேண்டும். இரண்டு பேருக்கு இடையில், பின்வரிசையில், தரையில் ஒரு இடத்தைத் தேர்ந்தெடுத்துக் கைடு போடுங்கள். நம் கோட்டைப் படத்தில் அது 2800 என்றே வைத்துக்கொள்வோம். அங்கே அவர் முழு உயரம் 1120 என்று முன்பே கண்டுபிடித்தோம். பெரியவர்களின் தலை, உச்சியிலிருந்து தாடை வரை, முழு உயரத்தில் ஏறக்குறைய ஏழரையில் ஒரு பங்கு. 1120-ஐ 7.5-ஆல் வகுத்தால் 149 பிக்சல். பாஸ்போர்ட் படத்தில் முடியின் மேல்விளிம்பை விட்டுவிட்டு, உச்சந்தலையிலிருந்து தாடை வரை அளந்து 149-க்குக் கொண்டுவாருங்கள்.

உச்சந்தலையை 1680-இல் வைத்தால் தாடை 1829-இல் வரும், 1800-இல் இருக்கும் அடிவானம் அவர் உதட்டருகே போகும். 150 செ.மீ. உயரத்தில் இருக்கும் லென்ஸ் 168 செ.மீ. மனிதரை வெட்ட வேண்டிய இடமும் அதுதான். பாஸ்போர்ட் படத்தை முகத்துக்கு நேராக வைத்தே எடுப்பதால், அவருடைய சொந்த அடிவானமும் முகத்தில்தான் இருக்கிறது, இரண்டும் ஒத்துப்போகின்றன. தோளுக்குக் கீழே முன்வரிசைக்காரரின் தோள் மறைக்கட்டும். மறைக்க ஆளில்லாத இடத்தில் நிறுத்தாதீர்கள்.